முன்பணம் வாங்கும் டியூஷன் சென்டருக்கு எந்தக் கணக்கு: ரொக்க முறையா, அக்ரூவல் முறையா?

"சார், மார்ச்சுல பேங்க்ல ஏழு லட்சம் இருந்துச்சு. நவம்பர்ல வாத்தியாருக்குச் சம்பளம் போட நகையை வெச்சேன். எனக்கு லாபமா நஷ்டமா?" மன்னார்குடிப் பக்கம் டியூஷன் நடத்தும் ஒருவர் கேட்ட கேள்வி இது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டாவில் எங்கிருந்து கேட்டாலும் இதே கேள்விதான் வருகிறது. கூடவே இன்னொன்றும்: "ஆடிட்டர் கேஷ் பேசிஸா, மெர்கண்டைலா என்று கேட்கிறார். எதைச் சொல்வது?"

இரண்டும் ஒரே கேள்விதான். ஆடிட்டர் மெர்கண்டைல் என்பதும் அக்ரூவல் என்பதும் ஒரே முறை. ரொக்க முறையில் பணம் கைக்கு வந்த நாளில் வருமானம், கையை விட்டுப் போன நாளில் செலவு. அக்ரூவல் முறையில் பாடம் நடத்திய மாதத்தில்தான் வருமானம், பணம் எப்போது வந்திருந்தாலும் சரி. செலவும் எந்த மாதத்துக்கு உரியதோ அந்த மாதத்தில். மாதாமாதம் கட்டணம் வாங்கும் சென்டருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடை தரும். முன்கூட்டியே மொத்தமாக வாங்குபவருக்கு அப்படி இல்லை.

டெல்டாவில் இது கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறும்போதுதான் விவசாயக் குடும்பத்தின் கையில் மொத்தப் பணம் இருக்கும். அடுத்த ஜூனில் தொடங்கும் வகுப்புக்கு "இப்பவே கட்டிடுறேன் சார், அப்புறம் கையில நிக்காது" என்று பிப்ரவரி, மார்ச்சிலேயே கட்டிவிடுவார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பா ஊருக்கு வந்திருக்கும்போது முழு ஆண்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். நிதியாண்டோ மார்ச் 31-ல் முடிகிறது. பணம் ஒரு ஆண்டில், பாடம் அடுத்த ஆண்டில். மார்ச் 31 என்ற கோடு சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

எது சுலபம் என்று மட்டும் பார்த்தால் ரொக்க முறைதான் ஜெயிக்கும். கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் முன்பணம் வாங்குபவர் பார்க்க வேண்டியவை நான்கு. லாபம் என்று வரும் எண் உண்மையைச் சொல்கிறதா? கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவு நம்முடையது என்று தெரிகிறதா? வரி எப்போது, எவ்வளவு? கணக்கு எழுதும் உழைப்பு நம்மால் தாங்கக்கூடியதா? இந்த வரிசையிலேயே முக்கியத்துவம் என்பது என் கருத்து. பலர் வரியை முதலில் வைக்கிறார்கள். சிறிய சென்டருக்கு அது பெரும்பாலும் தேவையில்லாத கவலை. ஏன் என்று கீழே வருகிறது.

## ஒரு சென்டரின் மூன்று ஆண்டுகள்

கும்பகோணம் பக்கம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதமும் இயற்பியலும் நடத்தும் ஒரு சென்டரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம், ஆக மாதத்துக்கு 1,200. செலவுகள் எல்லாம் அந்தந்த ஆண்டிலேயே கொடுத்து முடிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டால் கணக்கு தெளிவாக இருக்கும்.

முதல் ஆண்டு 60 மாணவர்கள். புதிய சென்டர் என்பதால் யாரும் முன்பணம் தரவில்லை. தவணை தவணையாக 7,20,000 வந்தது. வாடகை, இரண்டு பகுதிநேர ஆசிரியர்கள், மின்சாரம், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்துச் செலவு 4,80,000. பேர் நன்றாகப் பரவியது. பிப்ரவரி, மார்ச்சில் அடுத்த ஆண்டுக்காக 50 பேர் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டார்கள். அது 6,00,000.

இரண்டாம் ஆண்டு 70 மாணவர்கள். 50 பேர் ஏற்கெனவே கட்டிவிட்டதால் மீதி 20 பேரிடமிருந்து 2,40,000 வந்தது. செலவு 5,60,000. ஆண்டுக் கடைசியில் 45 பேர் அடுத்த ஆண்டுக்குக் கட்டினார்கள், 5,40,000.

மூன்றாம் ஆண்டு 75 மாணவர்கள். 45 பேர் கட்டிவிட்டார்கள், மீதி 30 பேரிடம் 3,60,000 வந்தது. செலவு 6,00,000. அந்த ஜனவரியில் அறுவடை நேரத்தில் மழை. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் நெல்லைக் காயவைத்துக் காத்திருந்தார்கள். பணம் தள்ளிப்போனது. மார்ச் 31-க்குள் கட்டியவர்கள் 20 பேர்தான், 2,40,000. மற்றவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் கட்டினார்கள்.

இப்போது இரண்டு முறையிலும் லாபம்:

| ஆண்டு | ரொக்க முறையில் வரவு | அக்ரூவல் வருமானம் | செலவு | ரொக்க லாபம் | அக்ரூவல் லாபம் | மார்ச் 31-ல் முன்பண இருப்பு |
|---|---|---|---|---|---|---|
| முதல் | 13,20,000 | 7,20,000 | 4,80,000 | 8,40,000 | 2,40,000 | 6,00,000 |
| இரண்டாம் | 7,80,000 | 8,40,000 | 5,60,000 | 2,20,000 | 2,80,000 | 5,40,000 |
| மூன்றாம் | 6,00,000 | 9,00,000 | 6,00,000 | 0 | 3,00,000 | 2,40,000 |

ஒரே சென்டர்தான். ரொக்கக் கணக்கைப் பார்ப்பவர், அமோகமாகத் தொடங்கி மூன்றே ஆண்டில் படுத்துவிட்ட தொழில் என்பார். அக்ரூவல் கணக்கைப் பார்ப்பவர், மெதுவாக வளர்கிறது என்பார். மாணவர் எண்ணிக்கை 60, 70, 75 என்று ஏறியிருப்பதால் இரண்டாமவர் சொல்வதுதான் உண்மை.

இந்த அட்டவணையின் கடைசிப் பத்தியை நன்றாகப் பாருங்கள். இரண்டு லாபத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு ஆண்டும் முன்பண இருப்பு ஏறிய அல்லது இறங்கிய அளவேதான். முதல் ஆண்டில் இருப்பு சுழியிலிருந்து 6,00,000-க்கு ஏறியது. ரொக்க லாபம் அதே 6,00,000 அதிகம். இரண்டாம் ஆண்டில் 60,000 இறங்கியது. ரொக்க லாபம் 60,000 குறைவு. மூன்றாம் ஆண்டில் 3,00,000 இறங்கியது, அதுவேதான் வித்தியாசம். மூன்று ஆண்டையும் கூட்டினால் ரொக்கம் 10,60,000, அக்ரூவல் 8,20,000. நடுவில் நிற்கும் 2,40,000 இன்னும் பாடம் நடத்த வேண்டிய 20 பிள்ளைகளின் பணம்.

ஆக, முன்பணம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் கேள்வி. ஆண்டுதோறும் அதே 50 பேர் அதே மார்ச்சில் கட்டினால் முதல் ஆண்டைத் தவிர இரண்டு முறையும் ஒரே லாபம் காட்டும். டெல்டாவில் அப்படி ஆடாமல் இருப்பது அபூர்வம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்ததா, குறுவை ஆனதா, சம்பா தப்பியதா என்பதெல்லாம் உங்கள் கணக்கேட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

## ரொக்க முறை

இதன் பெரிய பலம், பொய் சொல்ல இடமில்லை என்பது. வங்கிக் கணக்குச் சீட்டும் ரொக்கப் புத்தகமும் இருந்தால் போதும். மாலையில் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். கட்டாதவர் கட்டணத்தை வருமானமாகக் காட்டி, வராத பணத்துக்கு வரி கட்டும் தொல்லை கிடையாது. "குறுவை அறுத்ததும் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் தரும்போது எழுதினால் போதும்.

சட்டமும் தடுக்கவில்லை. தனிநபராகத் தொழில் நடத்துபவர் ரொக்கம், மெர்கண்டைல் இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து பின்பற்றலாம் என்பதே வருமான வரிச் சட்டத்தின் நிலை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 145-ஆம் பிரிவு. எல்.எல்.பி.-யாக நடத்துபவருக்கும் எல்.எல்.பி. சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. சென்டரை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் மட்டும் தேர்வே இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி அக்ரூவல்தான்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது, மார்ச் மாத மயக்கம். மேலே சொன்ன சென்டரின் முதல் ஆண்டு முடிவில் வங்கியில் 7,10,000 இருக்கிறது என்று வையுங்கள். ரொக்கக் கணக்கு 8,40,000 லாபம் என்கிறது. உடனே புதிய பெஞ்சு, புரொஜெக்டர், பக்கத்து அறைக்கு அட்வான்ஸ். உண்மையில் அதில் 6,00,000 இன்னும் நடத்தாத பாடத்துக்கு வாங்கியது. இன்றைக்கே எல்லாரும் திருப்பிக் கேட்டால் மிஞ்சுவது 1,10,000. எல்லாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அந்த 50 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் செலவு எங்கே போகும்? இந்தச் சென்டரில் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு செலவு. ஆக 6,00,000-ல் 4,00,000 ஜூன் முதல் வாத்தியார் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போக வேண்டியது. அதைத் தொட்டவருக்குத்தான் நவம்பரில் நகை ஞாபகம் வருகிறது.

இரண்டாவது, பணத்தைத் திருப்பித் தருவது. டெல்டாவில் இது மே மாதத்தில் குவியும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நாலைந்து பிள்ளைகள் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். மார்ச்சில் கட்டியதைப் பெற்றோர் திருப்பிக் கேட்பார்கள், நியாயம்தான். ரொக்க முறையில் அந்தப் பணம் போன ஆண்டின் வருமானமாகி, போன ஆண்டின் கணக்கும் மூடியாகிவிட்டது. திருப்பித் தருவது இந்த ஆண்டின் வரவைக் குறைக்கும். எந்த ஆண்டின் லாபமும் சரியாக இருக்காது.

மூன்றாவது, வங்கி. கட்டடத்துக்கோ விரிவாக்கத்துக்கோ கடன் கேட்டால் பொதுவாக மூன்று ஆண்டு ரிட்டர்னையும் கணக்கையும் கேட்பார்கள். 8,40,000, 2,20,000, 0 என்று இறங்கும் வரிசையை மேலாளர் முன் வைத்துவிட்டு "நெல்லு நனைஞ்சு போச்சு சார்" என்று விளக்க வேண்டியிருக்கும். அவருக்குப் புரியலாம், அவருடைய மேலிடத்துக் கணினிக்குப் புரியாது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரொக்க முறை என்றால் பெஞ்சு, ஏசி, புரொஜெக்டர் வாங்கிய பணம் முழுவதையும் அந்த ஆண்டே செலவாகக் கழித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. சொத்தாக இருப்பவற்றுக்கு எந்த முறையானாலும் ஆண்டுதோறும் தேய்மானம்தான். அறைக்குக் கொடுத்த அட்வான்ஸும் திரும்பி வர வேண்டிய பணம், செலவில்லை.

## அக்ரூவல் முறை

பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். டியூஷன் சென்டருக்கு இதில் கூடுதலாக வேண்டியது உண்மையில் ஒரே ஒரு கணக்குத் தலைப்பு: முன்கூட்டிப் பெற்ற கட்டணம். இது வருமானம் இல்லை, பொறுப்பு. அதாவது நாம் கொடுக்க வேண்டிய கடன். பணமாக அல்ல, பாடமாகக் கொடுக்க வேண்டிய கடன்.

மார்ச்சில் 50 பேர் கட்டியதும் எழுதுவது:

வங்கி, பற்று 6,00,000
முன்கூட்டிப் பெற்ற கட்டணம், வரவு 6,00,000

வருமானம் என்ற சொல்லே இங்கு வரவில்லை. ஏப்ரல், மே வகுப்பில்லை. எதுவும் எழுத வேண்டாம். ஜூன் 30 அன்று ஒரு மாதப் பாடம் முடிந்தது:

முன்கூட்டிப் பெற்ற கட்டணம், பற்று 60,000
கட்டண வருமானம், வரவு 60,000

இப்படியே பத்து மாதம். மார்ச் முடிவில் அந்தப் பழைய 6,00,000 சுழியாகிவிடும். சுழியாகவில்லை என்றால் எங்கோ தப்பு. இதுவே நல்ல சோதனை. டேலியில் எழுதுபவர் இந்தத் தலைப்பை Current Liabilities குழுவில் வைக்க வேண்டும். பழக்கதோஷத்தில் வருமானக் குழுவில் வைத்துவிட்டால் பெயர்தான் அக்ரூவல், கணக்கு ரொக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாள் வகுப்பு நடக்கவில்லையே, அந்த மாதம் 60,000 எழுதலாமா என்று கேட்பார்கள். சனிக்கிழமைகளில் ஈடு செய்யப் போகிறீர்கள் என்றால் மாதத்துக்குச் சமமாகவே எழுதுங்கள்; நாளெண்ணிப் பிரிப்பது உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. ஆண்டு முடிவில் நடத்தாத பாடம் பாக்கி நின்றால்தான் அந்த அளவு முன்பணத்திலேயே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு வரி வேண்டும், அதற்கு எக்செல் போதும். C-யில் கட்டிய தொகை, D-யில் எத்தனை மாதத்துக்கு, E-யில் எத்தனை மாதம் நடத்தியாயிற்று என்று வைத்துக்கொண்டால் மீதிக் கடன்:

```
=C2-C2/D2*E2
```

12,000 கட்டிய பையன் மூன்று மாதம் படித்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் நின்றால் விடை 8,400. அவன் அம்மா வந்து கேட்கும்போது பேரம் பேச வேண்டாம். திருப்பித் தருவது உங்கள் விதி என்றால் தாளைக் காட்டிக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது பொறுப்பு குறைகிறது, வங்கி குறைகிறது, லாபம் அசைவதில்லை. எல்லாப் பிள்ளைகளின் மீதிக் கடனையும் கூட்டிய தொகையும் கணக்கேட்டில் உள்ள முன்பண இருப்பும் மாதா மாதம் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் இதன் மறைந்த செலவுக்கு வருவோம். அக்ரூவல் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாது. முன்பணத்தைத் தள்ளிவைப்பது போலவே, வராத பணத்தை முன்னே இழுக்கும். மார்ச் 31-ல் ஐந்து பேர் மூன்று மாதம் கட்டவில்லை என்றால் 18,000 ரூபாய் வராமலே வருமானம். அந்த ஐந்து பேரில் இருவர் பரீட்சை முடிந்ததும் கண்ணில் படவே மாட்டார்கள். வராது என்று முடிவானால் வாராக் கடன் என்று கணக்கிலிருந்து நீக்க வேண்டும், அதற்குரிய கழிவும் உண்டு. ஆனால் நீக்க வேண்டும் என்று யாராவது நினைவு வைத்திருக்க வேண்டுமே. அக்ரூவல் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பழைய பாக்கிகள்தான்: மூன்று ஆண்டுக்கு முன் படித்து முடித்தவன் பெயர் இன்னும் வர வேண்டிய தொகையில் நிற்கும், லாபம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

செலவுப் பக்கமும் அப்படியே. மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் 5-ல் கொடுத்தாலும் அது மார்ச் செலவு. ஏப்ரல் வாடகையை மார்ச்சிலேயே கொடுத்தால் அது ஏப்ரல் செலவு. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் அதில்தான். வருமானத்தை அக்ரூவலில் தள்ளிப்போட்டு, செலவை ரொக்கத்தில் எடுத்துக்கொள்ளும் கலப்புக் கணக்குக்கு 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் இடமில்லை.

## வரியில் என்ன வித்தியாசம்

சிறிய சென்டருக்கு, வேறு வருமானம் இல்லாதவருக்கு, பெரும்பாலும் ஒன்றுமில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி சுழிதான். நம் சென்டரின் ரொக்க லாபம் 8,40,000 ஆனாலும், அக்ரூவல் லாபம் 2,40,000 ஆனாலும் கட்ட வேண்டியது சுழி. வரிக்காக முறையை மாற்றலாமா என்று கேட்பவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதே சென்டர் இரண்டு மடங்கு பெரியது என்று வையுங்கள். ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, எல்லா எண்ணையும் இரண்டால் பெருக்கினால் ரொக்க லாபம் 16,80,000, 4,40,000, 0. அக்ரூவல் லாபம் 4,80,000, 5,60,000, 6,00,000. அதே 2025-26 விகிதங்களை மூன்று ஆண்டுக்கும் வைத்துப் பார்த்தால், அக்ரூவலில் மூன்று ஆண்டும் வரி இல்லை. ரொக்க முறையில் முதல் ஆண்டு 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது: 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம் 20,000, 8 முதல் 12 வரை 10 சதவீதம் 40,000, 12 முதல் 16 வரை 15 சதவீதம் 60,000, மிச்சம் 80,000-க்கு 20 சதவீதம் 16,000. கூட்டினால் 1,36,000, 4 சதவீத செஸ் சேர்த்து 1,41,440. பின்வரும் ஆண்டுகளில் லாபம் குறைந்ததற்காக இதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஒரே உழைப்பு, ஒரே கட்டணம், அறுவடைப் பணம் மார்ச்சில் வந்த ஒரே காரணத்துக்காக ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமான வரி.

ஜிஎஸ்டி வேறு கதை, இதில் பலர் ஏமாறுகிறார்கள். தனியார் டியூஷன், கோச்சிங் சேவைக்குப் பள்ளிகளுக்குள்ள விலக்கு கிடையாது, 18 சதவீதம். தமிழ்நாட்டில் சேவைக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். பதிவு செய்தவருக்கு, சேவையில் இன்வாய்ஸ் தேதி அல்லது பணம் பெற்ற தேதி, எது முந்தியதோ அன்றே வரிப் பொறுப்பு வந்துவிடும். அதனால் மார்ச்சில் வாங்கிய முன்பணத்துக்கு, மாதாந்தர ரிட்டர்ன் போடுபவர் ஏப்ரல் 20-க்குள் கட்ட வேண்டும். "நான் அக்ரூவல் சார், ஜூன்லதான் வருமானம்" என்பது அங்கே செல்லாது. வரியும் சேர்த்து 12,000 என்று வாங்கினால் அதில் ஏறக்குறைய 1,830 அரசுக்கு. முன்பணக் கணக்கில் வைக்க வேண்டியது மீதி 10,170 மட்டுமே. வரம்பை நெருங்கும் சென்டர், வாங்கிய முன்பணத்தையும் கூட்டியே 20 லட்சத்தைப் பார்ப்பது பாதுகாப்பு.

## யாருக்கு எது

| நிலைமை | ஏற்றது | காரணம் |
|---|---|---|
| மாதாமாதம் கட்டணம், முன்பணம் சொற்பம் | ரொக்கம் | இரண்டு முறையிலும் லாபம் ஏறக்குறைய ஒன்றே |
| மார்ச் 31-க்குள் பாதிப் பேருக்கு மேல் அடுத்த ஆண்டுக்குக் கட்டுகிறார்கள் | அக்ரூவல் | முன்பண இருப்பு ஆடும்போது ரொக்க லாபம் பொய்யாகும் |
| பாக்கி நிறைய, முன்பணம் குறைவு | ரொக்கம் | வராத பணத்துக்குக் கணக்கும் வரியும் வேண்டாம் |
| கூட்டாளி இருக்கிறார், ஆண்டுக்கு ஆண்டு லாபம் பிரிக்க வேண்டும் | அக்ரூவல் | ரொக்க முறையில் அடுத்த ஆண்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்வீர்கள் |
| ரொக்க லாபம் 12 லட்சத்தைச் சுற்றி ஏறி இறங்குகிறது | அக்ரூவல் | ஒரே ஆண்டில் குவிந்து வரி வரம்பைத் தாண்டும் |
| பிரைவேட் லிமிடெட் | அக்ரூவல் | சட்டப்படி வேறு வழியில்லை |

கூட்டாளி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டின் 8,40,000 ரொக்க லாபத்தை இருவர் ஆளுக்கு 4,20,000 என்று எடுத்துக்கொண்டு, ஏப்ரலில் ஒருவர் விலகிவிட்டால், மீதி நிற்பவர் 50 பிள்ளைகளுக்கு ஓராண்டு இலவசமாகப் பாடம் நடத்த வேண்டியதுதான். நான் பார்த்த டியூஷன் கூட்டுச் சண்டைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு நடுவழியும் இருக்கிறது. அக்ரூவல் எழுத ஆளில்லை, 12 லட்சத்தைத் தொடப்போவதும் இல்லை என்றால் ரிட்டர்னுக்கு ரொக்க முறையிலேயே இருங்கள்; மேலே சொன்ன எக்செல் பதிவேட்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இது வரித்துறைக்கு அல்ல, உங்களுக்கு, அதனால் கலப்பு முறைத் தடை இதைத் தொடாது. மாதக் கடைசியில் வங்கியிலும் கையிலும் உள்ள பணத்திலிருந்து பதிவேட்டின் மீதித் தொகையைக் கழித்துப் பாருங்கள். கழித்தபின் நிற்பதுதான் பெஞ்சுக்கும் புரொஜெக்டருக்கும் தொடலாமா என்பதற்கு விடை. ஒரே ஆளாக, 40, 50 பிள்ளைகளோடு நடத்துபவருக்கு நான் சொல்வது இதைத்தான். முன்பணத்துக்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கு திறந்து, மாதாமாதம் 60,000 போல எடுத்துப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் கணக்குதான், வங்கி எழுதித் தருகிறது.

## மாறப் போகிறீர்கள் என்றால்

முறையைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்பதே சட்டம். ஓராண்டு இது, அடுத்த ஆண்டு அது என்று வசதிப்படி தாவினால் அதிகாரி கேள்வி கேட்பார். உண்மையான காரணத்தோடு ஒரு தடவை மாறி, அதிலேயே நிற்பது வேறு.

ரொக்கத்திலிருந்து அக்ரூவலுக்கு மாறும் ஆண்டில் ஒரு பொறி இருக்கிறது. நம் சென்டர் முதல் ஆண்டு ரொக்க முறையில் ரிட்டர்ன் போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு மாறுகிறது என்று வையுங்கள். அந்த 6,00,000 முதல் ஆண்டு வருமானத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு ஜூனிலிருந்து மாதம் 60,000 என்று அதே பணம் மீண்டும் வருமானத்துக்குள் வரும். கவனிக்காவிட்டால் ஒரே கட்டணத்துக்கு இரண்டு ஆண்டு வருமானக் கணக்கு. ஆகவே மாறுவதற்கு முந்தைய மார்ச் 31 அன்று யார் யார் எவ்வளவு முன்பணம் கட்டியிருந்தார்கள், அது எந்த ரிட்டர்னில் காட்டப்பட்டது என்று பெயர்வாரியாக ஒரு பட்டியல் எடுத்து, ரசீது அடிக்கட்டைகளோடு ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். அன்றைய தேதியில் வர வேண்டிய பாக்கிக்கும் ஒரு பட்டியல் வேண்டும். அது இதுவரை எந்த ஆண்டின் வருமானத்திலும் சேரவில்லை. மாறும் ஆண்டின் கணக்கில் இந்த இரண்டையும் எப்படிச் சரிக்கட்டுவது என்பதை ரிட்டர்ன் போடும் நாளில் அல்ல, மாறுவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.